எனக்கு விடியற்காலை, மாணவர்களுக்கு இரவு: வகுப்பைத் தொடங்க எந்த வணக்கம் பொருந்தும்?

காவிரிக்கரை (11 அக்டோபர் 2025)

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் பதினொரு தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணைய வழியில் தமிழ் கற்பிக்கிறேன். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் வகுப்பு எனக்குச் சனிக்கிழமை அதிகாலை 5:30 மணிக்குத் தொடங்குகிறது. பிள்ளைகள் எல்லோரும் எட்டு வயது முதல் பத்து வயதுக்குள் இருப்பவர்கள்.

சென்ற மாதம் வாழ்த்துச் சொற்களைப் பாடமாக நடத்தினேன். கையில் இருந்த பாடநூலில் காலை வணக்கம், மாலை வணக்கம், இரவு வணக்கம் என்று மூன்றும் படங்களோடு இருந்தன. அவற்றை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். இன்று நான் வழக்கம்போல் "காலை வணக்கம்" என்று தொடங்கியதும், ஒரு சிறுமி, "இங்கே இரவுதானே, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, படித்ததை நினைவில் வைத்து "இரவு வணக்கம்" என்று திருத்தமாகச் சொன்னாள். அதைக் கேட்ட இன்னொரு பையன் வகுப்பு முடிந்துவிட்டது என்று எண்ணி, கையசைத்துவிட்டுத் திரையை மூடிவிட்டான். அவன் வீட்டில் உறங்கப் போகும்போது சொல்லும் சொல் அதுதான் என்று அவனுடைய தாயார் பிறகு தெரிவித்தார்.

இரண்டு பிள்ளைகளும் பிழை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் கற்பித்ததில்தான் ஏதோ குறை இருக்கிறது. வணக்கத்தோடு பொழுதைச் சேர்த்துச் சொல்லும்போது, அந்தப் பொழுது சொல்பவருடையதா, கேட்பவருடையதா? இரவில் ஒருவரைச் சந்திக்கும்போது சொல்லத் தமிழில் தனியாக ஒரு சொல் உண்டா? அடுத்த சனிக்கிழமைக்கு முன் எனக்குத் தெளிவு வேண்டும்.

அலைகடல்

அம்மா, இதில் இவ்வளவு குழப்பம் தேவையில்லை. என் மகன் டாலஸில் இருக்கிறான். நான் முதலில் காலையில் எழுந்ததும் அவனை அழைத்துக்கொண்டிருந்தேன். அது அவனுக்கு அலுப்பான இரவு நேரமாக இருந்தது. இப்போது இங்கே இரவு 7:30 மணிக்கு அழைக்கிறேன். குளிர்காலத்தில் அங்கே அது காலை 8 மணி, கோடையில் 9 மணி. அவன் அலுவலகத்துக்குக் காரில் போகும் வழியில் நிம்மதியாகப் பேசுகிறான். நீங்களும் வகுப்பை உங்களுடைய மாலைக்கு மாற்றிக்கொண்டால் பிள்ளைகளும் காலைச் சுறுசுறுப்போடு இருப்பார்கள்.

காவிரிக்கரை

மிக்க நன்றி ஐயா. ஆனால் நேரத்தை மாற்றுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நாட்களில் காலை வகுப்பு நடத்தவும் முடியாது. மேலும், நேரத்தை மாற்றினாலும் எனக்கு மாலையும் அவர்களுக்குக் காலையும் என்று அதே கேள்வி திரும்பவும் வரும். தங்கள் மகனை இரவு 7:30 மணிக்கு அழைக்கும்போது முதலில் என்ன சொல்கிறீர்கள்?

அலைகடல்

யோசித்துப் பார்த்தால், வணக்கம் எதுவும் சொல்வதில்லை. "கிளம்பிவிட்டாயா? சாப்பிட்டாயா?" என்றுதான் தொடங்குகிறேன்.

தென்கரையான்

வீட்டுக்குள் வணக்கம் சொல்லும் பழக்கம் நமக்கு என்றுமே இருந்ததில்லை என்பதால் அலைகடல் ஐயாவின் அனுபவம் வகுப்புக்குப் பொருந்தாது. ஆனால் ஆசிரியையின் கேள்விக்கு விடை எளிது. காலை வணக்கம், இரவு வணக்கம் போன்றவை ஆங்கில வழக்கைப் பார்த்து நாம் ஆக்கிக்கொண்டவை. தமிழுக்கு "வணக்கம்" ஒன்றே போதும். அதற்குக் கடிகாரம் தேவையில்லை. பொழுதைச் சேர்த்தே தீர வேண்டும் என்றால், சொல்பவருடைய பொழுதைத்தான் சேர்க்க வேண்டும். என் வீட்டு வாசலில் வெளிச்சம் வந்திருப்பதை நான் பார்க்கிறேன். நியூ ஜெர்சியில் என்ன பொழுது என்பதை நான் கணக்குப் போட்டுத்தான் அறிய முடியும். வாழ்த்து என்பது கணக்கு அல்ல.

முல்லைவனம்

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆசிரியை அவர்கள் கேட்டிருக்கும் கேள்வி இலக்கணத்திலேயே வேர் கொண்டிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் "குட் மார்னிங்" என்பது ஒரு வேண்டுதல்; "உங்களுக்கு இந்தக் காலை நல்லதாக அமையட்டும்" என்ற நீண்ட வாழ்த்து தேய்ந்து இரண்டு சொற்களாக நிற்கிறது. நல்ல காலை யாருக்கு அமைய வேண்டும்? கேட்பவருக்கு. ஆகவே அங்கே கேட்பவருடைய பொழுதைச் சொல்வதுதான் பொருளுக்கு இசைந்தது. இரவு ஒன்பது மணிக்கு உறக்கத்தை நோக்கிச் செல்லும் ஒருவருக்கு நல்ல காலை அமையட்டும் என்பதில் பொருள் இல்லை.

தமிழில் நாம் அந்த வாழ்த்தை மொழிபெயர்க்கவில்லை. வாழ்த்து இருந்த இடத்தில் வணக்கத்தை வைத்தோம். வணங்குதல் பேசுபவருடைய செயல். "மாலை நடை" என்றால் மாலையில் நடக்கும் நடை. அந்த மாலை நடப்பவருடைய மாலை. "இரவுப் பயணம்" என்றால் பயணம் செய்பவர் இருக்கும் இடத்தில் இரவு. அதுபோலவே "காலை வணக்கம்" என்பது காலையில் செய்யும் வணக்கம் என்று விரியும் வேற்றுமைத் தொகை. வணங்குபவர் நீங்கள், எனவே சொல்லமைப்பின்படி அந்தக் காலை உங்களுடையது. இந்த ஒரு கூற்றில் தென்கரையான் அவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார், அவர் காட்டிய காரணம் வேறாக இருந்தாலும்.

ஆனால் பிள்ளைகள் தொகையை விரித்துப் பார்த்துப் பேசுவதில்லை. "காலை வணக்கம்" என்ற சொல்லை அவர்கள் "குட் மார்னிங்" என்பதன் பொருளிலேயே கற்றிருக்கிறார்கள். பாடநூலும் அப்படித்தான் கற்பிக்கிறது. ஆகவே சொல்லின் உருவம் சொல்பவரின் பொழுதையும், பழகிய பொருள் கேட்பவரின் பொழுதையும் சுட்டுகின்றன. இருவரும் ஒரே ஊரில் இருக்கும்வரை இந்தப் பிளவு வெளியே தெரிவதில்லை. ஒன்பதரை மணி நேர இடைவெளி வந்ததும் தெரிந்துவிடுகிறது. அந்தச் சிறுமியின் காதில் பட்டது இதுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. காலை 6 முதல் 10 வரை காலை, 10 முதல் 2 வரை நண்பகல், 2 முதல் 6 வரை எற்பாடு, 6 முதல் 10 வரை மாலை, 10 முதல் 2 வரை யாமம், 2 முதல் 6 வரை வைகறை. இன்றைய பேச்சில் இருட்டியதும் இரவு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பழைய கணக்கில் 8 மணி மாலைக்கு நடுவே விழுகிறது. உங்கள் மாணவர்கள் இருப்பது மாலையில். "மாலை வணக்கம்" என்று அவர்கள் சொல்வது வழுவே இல்லை. சந்திக்கும் வேளைக்கு மாலை வணக்கம், பிரியும் வேளைக்கு மட்டும் இரவைக் குறிக்கும் சொல் என்று பிரித்துக் கற்பித்தால், அந்தப் பையன் திரையை மூடியதுபோல் மீண்டும் நிகழாது. ஆங்கிலமும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது: இரவு ஒன்பது மணிக்கு ஒருவரைச் சந்தித்தால் "குட் ஈவினிங்" என்பார்கள்; "குட் நைட்" என்றால் விடைபெறுகிறார் என்று பொருள்.

இந்தக் கணக்கின்படி அதிகாலை 5:30 மணிக்கு உங்களுக்கும் காலை இல்லை, அம்மா. அது வைகறை. நீங்கள் சொன்ன "காலை வணக்கம்" இரு கரைகளிலும் பொருந்தவில்லை என்பதை உரிமையோடு சுட்டிக்காட்டுகிறேன்.

எடிசன் வாசி

இந்த உரையாடல் என் வீட்டைப் பற்றியதுபோலவே இருக்கிறது. நான் நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் இருக்கிறேன். என் மகளும் இப்படி ஒரு வகுப்பில் படிக்கிறாள். எட்டு மணியை "இரவு" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இங்கே ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைவதே ஏறத்தாழ எட்டரை மணிக்குத்தான். எட்டு மணிக்கு வகுப்பில் உட்காரும்போது சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு தொடங்கும்போது மூன்றரை மணி நேரமாக இருள் சூழ்ந்திருக்கும். கடிகாரத்தில் ஒரே எட்டு மணி. ஆனால் ஒரு பருவத்தில் அது வெயில், இன்னொரு பருவத்தில் ஆழ்ந்த இரவு. முல்லைவனம் ஐயா கூறும் ஆறு பொழுதுகள் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நம் நாட்டில் பிறந்தவை அல்லவா? இங்கே அவை எப்படிப் பொருந்தும் என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தாயார் திருச்சியில் காலை 7 மணிக்கு எழுந்ததும் "காலை வணக்கம்" என்று பூப்படத்தோடு அனுப்புவார். கோடையில் எனக்கு அது முந்தைய நாள் இரவு 9:30 மணிக்கு வந்து சேரும். நான் அதற்கு "குட் நைட் அம்மா" என்று பதில் அனுப்புவேன். அவருக்கு அது சூடான காபியோடு கிடைக்கும். இருவரும் அவரவர் பொழுதைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு நாளும் அது தவறாகப் பட்டதில்லை. அவர் எழுந்து நலமாக இருக்கிறார் என்பது எனக்கும், நான் உறங்கப் போகிறேன் என்பது அவருக்கும் தெரிகிறது. மகள் அவரிடம் பேசும்போது மட்டும் "பாட்டிக்குக் காலை வணக்கம், எனக்கு இரவு வணக்கம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறாள்.

முல்லைவனம்

எடிசன் வாசி அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது. சிறுபொழுதுக் கணக்கு நம் நிலத்தின் சூரியனைப் பார்த்து வகுத்தது என்பதில் ஐயமில்லை. ஜூன் மாத எட்டு மணி வெயிலுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஜூனில் "மாலை" என்று சொல்வது அங்கே முழுமையாகவே பொருந்துகிறது; டிசம்பரில் மட்டுமே சற்று இழுக்க வேண்டியிருக்கிறது. "இரவு" என்று சொன்னால் ஜூனில் அறவே பொருந்தாது. இரண்டு பருவத்துக்கும் தாங்கும் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் மாலைதான்.

உங்கள் மகள் சொல்வது அழகாக இருக்கிறது. இரு பொழுதுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் யாருடைய பொழுது என்ற கேள்வியே எழாது.

பினாங்குப் பொன்னி

நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் மாணவர்கள் எழுந்து நின்று "வணக்கம் ஆசிரியர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அதில் பொழுது வருவதில்லை. பிற்பகல் வகுப்பிலும் அதே சொல்தான். "டீச்சர்" என்பதற்குப் பதிலாக "ஆசிரியர்" என்ற விளியும் கிடைத்துவிடும். பொழுதை விட்டுவிட்டு, யாரை வணங்குகிறோம் என்பதைச் சேர்த்துக்கொண்டால் வணக்கம் தனியாக மொட்டையாக ஒலிக்காது. ஆசிரியை அவர்களும் "வணக்கம் பிள்ளைகளே" என்று தொடங்கலாம். அடுத்த வாக்கியமாக, "எனக்கு இப்போதுதான் விடிகிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், பொழுதுகளின் பெயரைப் பிள்ளைகளே சொல்வார்கள். பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

நிரல் நெய்பவன்

மென்பொருள் உலகில் இந்தச் சிக்கலுக்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு தீர்வு கண்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் எழுத்தில் உரையாடும் IRC அரட்டை அறைகளில் UGT என்ற ஒரு வழக்கம் உண்டு. "எல்லோருக்கும் பொதுவான வாழ்த்து நேரம்" என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒருவர் அறைக்குள் நுழையும் கணம் எப்போதுமே காலை. அவர் வெளியேறும் கணம் எப்போதுமே இரவு. உண்மையான மணி என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. வருபவருக்கு எல்லோரும் காலை வாழ்த்துச் சொல்வார்கள், போகிறவருக்கு இரவு வாழ்த்துச் சொல்வார்கள். ஆசிரியை அவர்கள் வகுப்பிலும் இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டால், "காலை வணக்கம்" என்று தொடங்கி "இரவு வணக்கம்" என்று முடித்துவிடலாம். திரையை மூடிய பையனும் சரியாகவே புரிந்துகொண்டவன் ஆகிவிடுவான்.

தென்கரையான்

பெரியவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு கடைப்பிடிக்கும் வழக்கத்தை, காலை எது, மாலை எது என்று சொற்களையே இப்போதுதான் கற்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோனால், இருட்டைக் காலை என்று கற்றுக்கொள்வார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

ஒசாகா நினைவுகள்

தென்கரையானின் அச்சம் புரிகிறது. ஆனால் ஒரு மொழி முழுவதிலுமே அது நடந்திருக்கிறது. நான் ஜப்பானில் மாணவனாக இருந்தபோது மாலை நேரத்தில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். மாலை 5 மணிக்கு உள்ளே நுழைந்ததும் எல்லோரும் "ஒஹாயோ கொசாய்மசு" என்பார்கள். வகுப்பில் அதைக் காலை வணக்கம் என்று கற்றிருந்த நான் முதல் நாள் திகைத்தேன். நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிபவர்களும் எந்த நேரமானாலும் வேலைக்கு வந்து முதலில் சந்திக்கும்போது அதையே சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் "சீக்கிரம்" என்ற பொருள் தருவது. காலை என்ற சொல் அதற்குள் இல்லை. அதனால்தான் அது மாலைக்கும் நகர முடிந்தது என்பது என் எண்ணம். நம்முடைய "காலை வணக்கம்" அப்படி நகராது. காலை என்ற சொல்லே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

காவிரிக்கரை (18 அக்டோபர் 2025)

இத்தனை பேர் பொறுமையோடு எழுதியதற்கு என் நெஞ்சார்ந்த நன்றி. இன்றைய வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன்.

பினாங்குப் பொன்னி அவர்கள் சொன்னபடி "வணக்கம் பிள்ளைகளே" என்று தொடங்கினேன். பிறகு மடிக்கணினியைத் தூக்கிச் சென்று சன்னல் வழியாக வானத்தைக் காட்டினேன். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது, எதிர் வீட்டுக் கூரை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. "இதற்குப் பெயர் வைகறை" என்று சொன்னேன். அவர்களுடைய சன்னலைக் காட்டச் சொன்னதும் பதினொரு திரைகளிலும் ஒரே இருட்டு. "அங்கே என்ன பொழுது?" என்று கேட்டேன். ஒன்பது பேர் இரவு என்றார்கள். முல்லைவனம் ஐயாவின் கணக்கைச் சொல்லி, பத்து மணி வரை மாலை என்று நான் விளக்கியபோது, முதலில் என்னைத் திருத்திய அதே சிறுமி, "வெளியே கறுப்பாக இருந்தால் மாலை இல்லை" என்று உறுதியாக மறுத்துவிட்டாள். நான் அவளை வற்புறுத்தவில்லை.

விடைபெறும்போது "நல்லிரவு" என்று கற்பித்துப் பார்த்தேன். அது பிள்ளைகளின் நாவில் "நள்ளிரவு" ஆகிவிட்டது, ஒரு பையன் "பன்னிரண்டு மணியா?" என்று கேட்டான். லகரமும் ளகரமும் இன்னும் பிடிபடாத வயதில் அந்தச் சொல் ஆகாது என்று விட்டுவிட்டேன். "போய் வருகிறேன்" என்று சொல்லச் சொன்னேன். அது எந்தப் பொழுதுக்கும் பொருந்தியது. அவர்கள் சொன்னதற்கு நான் "போய் வாருங்கள், நன்றாக உறங்குங்கள்" என்றேன். அவர்கள் "நீங்களும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு விடிந்துகொண்டிருப்பதை நினைத்துச் சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு பிள்ளை கேட்டதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை தீபாவளி. வகுப்பு முடியும்போது அவர்களுக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான். "தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் இரண்டு, நான் சொன்னால் மூன்று, எதைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டான்.

முல்லைவனம்

அந்தச் சிறுமியின் மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். வழக்கில் எட்டு மணி இரவு ஆகிவிட்டது. நூல் வழக்கைப் பின்தொடர வேண்டும். ஆனால் இரவில் சந்திப்பவருக்குச் சொல்லும் பொழுதுச் சொல் நம்மிடம் இல்லை என்ற இடைவெளி அப்படியே இருக்கிறது.

தென்கரையான்

"வணக்கம்" இருக்கும்போது இடைவெளி எங்கே இருக்கிறது, ஐயா?

எடிசன் வாசி

தீபாவளிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நாள் கணக்கில் கேட்பவருடைய நாளைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மூன்று. என் மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய தாத்தா அன்று காலையில் எழுந்ததும் வாழ்த்தினார். இங்கே முந்தைய நாள் இரவு. அவள் "இன்னும் வரவில்லையே" என்று அழுதுவிட்டாள். வணக்கத்தில் பொழுது மாறினால் சிரிப்பார்கள். நாள் மாறினால் பிள்ளைகளுக்கு வருத்தமாகிவிடுகிறது.

மேலும் ஒன்று, ஆசிரியை அவர்களே: நவம்பர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். பிள்ளைகளுக்கு எட்டு மணி மாறாது. உங்களுக்கு மட்டும் நவம்பர் 8ஆம் தேதி முதல் வகுப்பு 6:30 மணி ஆகிவிடும். மார்ச் வரை அப்படித்தான்.

காவிரிக்கரை

அப்படியானால் ஆறு மணியைத் தாண்டிவிடும். எனக்கு வைகறை போய்க் காலை வந்துவிடும். நவம்பர் 8ஆம் தேதியும் சன்னலைக் காட்டுகிறேன், வெயில் விழுந்திருக்கும். அதற்கு என்ன பெயர் என்று அவர்களையே சொல்லச் சொல்கிறேன்.